பட்டாவும் கெரானும்: ஒரு புகைப்படத்துக்குள் இருக்கும் நில வரலாறு



ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பல குடும்பங்களின் கைப்பேசியில் இப்போது ஒரு படம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சித்தப்பா மகனோ அத்தை பேரனோ அனுப்பிய படம். கட்டம் போட்ட ஒரு தாள், மேலே அரசு முத்திரை, உள்ளே பெயர்களும் எண்களும். "இதுதான் நம்ம ஊர் நிலத்தோட பட்டா. என்ன போட்டிருக்குன்னு ஆங்கிலத்துல எழுதி அனுப்புங்க, மெல்பர்னில் இருக்கிற அண்ணனுக்குத் தமிழ் படிக்க வராது" என்ற வேண்டுகோளும் கூடவே வரும். அந்த வேண்டுகோள் வந்து சேருகிற இடம் பெரும்பாலும் தமிழாசிரியர்தான்.

சொற்களைப் பார்த்தால் எளிதாகத்தான் தெரியும். பட்டா எண், புல எண், உட்பிரிவு, நன்செய், புன்செய், தீர்வை. ஆறு சொற்களுக்கு ஆறு ஆங்கிலச் சொற்களை எழுதிவிடலாம். ஆனால் அந்த ஆறு சொற்களுக்குள்ளும் இருநூறு ஆண்டு வருவாய் நிர்வாக வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரியாமல் பெயர்த்தால், நிலம் இல்லாதவருக்கு நிலம் இருப்பதாகவும், இரண்டு பேருக்கு உரியது நான்கு பேருக்கு உரியதாகவும், ஒரு ஏக்கருக்கும் குறைவானது முப்பத்திரண்டு ஏக்கராகவும் ஆகிவிடும். ஒரு மாதிரிப் பட்டாவை வைத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரே சொல், இரண்டு நாட்டில் இரண்டு பொருள்

முதல் சிக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. மலேசியத் தமிழில் 'நிலப்பட்டா' என்றால் என்ன? நம்ம நாளிதழ்களைப் பாருங்க. "குடியிருப்பாளர்களுக்கு நிலப்பட்டா வழங்கப்பட்டது" என்று எழுதுவார்கள். அங்கே பட்டா என்பது கெரான், அதாவது நில அலுவலகம் பதிந்து கொடுக்கும் உரிமைப் பத்திரம். தமிழ்நாட்டுப் பட்டா அதுவல்ல.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள 1858-ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த நிலப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் நில அளவைத் துறை அமைக்கப்பட்டது.

டோரன்ஸ் முறையின் அடிப்படை இது: அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை. பதிவுதான் உரிமையை உண்டாக்குகிறது. இம்முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேராக் உள்ளிட்ட மலாய் மாநிலங்களுக்கு வந்தது. 1965-இன் தேசிய நிலச் சட்டத் தொகுப்பும் இதே அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. ஆகவே ஈப்போவில் ஒருவர் கையில் இருக்கும் கெரான், சில விதிவிலக்குகள் நீங்கலாக, உரிமைக்கு முடிவான சான்று.

சென்னை மாகாணத்தின் நோக்கம் வேறு. அங்கே அரசு கேட்ட கேள்வி "இந்த நிலம் யாருக்குச் சொந்தம்?" என்பதல்ல, "இந்த நிலத்துக்கான வரியை யார் கட்ட வேண்டும்?" என்பது. 1792-இல் பாராமகால் பகுதி, அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் அங்கே வேலை பார்த்தார்கள். ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல், ஒவ்வொரு உழவரிடமும் நேராக வரி பெறும் முறை அங்கேதான் உருவம் பெற்றது. இதுவே இரயத்துவாரி முறை. மன்றோ 1820-இல் சென்னை ஆளுநரான பின் அது மாகாணத்தின் பெரும்பகுதிக்கு விரிந்தது.

அந்த முறையில் உழவருக்குக் கொடுக்கப்பட்ட சீட்டுதான் பட்டா. "இன்னார், இந்த ஊரில், இந்த நிலங்களை வைத்திருக்கிறார், அதற்கு இவ்வளவு தீர்வை" என்பது அதன் சாரம். இன்றும் பட்டா வருவாய்த் துறையின் ஆவணம்தான். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் போன்றவை பதிவுத் துறையின் ஆவணங்கள். இரண்டும் வேறு வேறு துறைகள். நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதும் இதைத்தான்: பட்டா மட்டும் உரிமையை உண்டாக்காது, அது உரிமைக்குத் துணைநிற்கும் ஒரு சான்று.

ஆகவே மொழிபெயர்க்கும்போது பட்டாவை 'லேண்ட் டைட்டில்' என்று எழுதாதீர்கள். 'பட்டா' என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி, 'வருவாய்த் துறையின் நில உடைமைப் பதிவு' என்ற பொருளில் ஒரு விளக்கம் சேருங்கள். கெரானைப் பார்த்தே பழகிய உறவினர் 'டைட்டில்' என்ற சொல்லைக் கண்டால், "அப்போ முடிந்தது, அவங்க பேர்ல போயிடுச்சு" என்று கையை விரித்துவிடுவார். அல்லது தன் பெயர் இருந்தால், பத்திரம் எதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடுவார். இரண்டும் தவறான முடிவு.

படத்தில் உள்ளது

இனி மாதிரியைப் பார்ப்போம். இதில் உள்ள பெயர்களும் எண்களும் பாடத்துக்காக நாம் அமைத்தவை. அமைப்பு மட்டும் தமிழ்நாட்டில் இன்று கணினியில் எடுக்கும் தாளின் அமைப்பு.

தலைப்பு: நில உரிமை விபரங்கள், இ. எண் 10(1) பிரிவு
மாவட்டம்: திருச்சிராப்பள்ளி
வட்டம்: முசிறி
பட்டா எண்: 412
உரிமையாளர்கள் பெயர்:
1. கருப்பண்ணன் மகன் பெரியசாமி
2. மாரிமுத்து மனைவி செல்லம்மாள்
முதல் வரி: புல எண் 145, உட்பிரிவு 2B1, புன்செய், பரப்பு 0 - 32.50
இரண்டாம் வரி: புல எண் 151, உட்பிரிவு 3A, நன்செய், பரப்பு 0 - 10.00

குடும்பக் கதை இப்படி வைத்துக்கொள்வோம். தாத்தா நல்லுசாமி 1930-களில் கங்காணியோடு கப்பலேறி, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர். அவருடைய அண்ணன் கருப்பண்ணன் ஊரிலேயே இருந்துவிட்டார். கூலித் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது, பிறகு போர் வந்தது, தாத்தா திரும்பவில்லை. இப்போது பேரப்பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்வி: "தாத்தா பங்கு என்ன ஆச்சு?"

தலைப்பில் 'நில உரிமை' என்றுதானே போட்டிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்தில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் கணக்குகளுக்கு வரிசை எண் உண்டு. 10-ஆம் எண் கணக்குதான் சிட்டா. ஒவ்வொரு பட்டாதாரருக்கும் அந்த ஊரில் எந்தெந்த நிலம் இருக்கிறது என்ற ஆள்வாரிக் கணக்கு அது. நாம் பார்ப்பது அந்தக் கணக்கின் ஒரு பக்கம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. பட்டா எண் 412 என்பது நிலத்தின் எண் அல்ல; அந்த ஊரில் அந்தக் கைவசதாரர்களின் கணக்கு எண். அதனால்தான் ஒரே பட்டாவில் இரண்டு தனித்தனி நிலங்கள் இருக்கின்றன. நம் கெரானில் இருக்கும் 'நொம்போர் ஹக்மில்லிக்' ஒரு நிலத்துக்கு உரியது; பட்டா எண் அப்படியல்ல. நிலம் கைமாறினால் அது வேறொருவரின் பட்டா எண்ணுக்குள் போய்விடும். புல எண்ணோ நிலத்தோடே தங்கும். உறவினர் "எந்த எண்ணைப் பத்திரமா வெச்சிக்கணும்?" என்று கேட்டால் பதில்: மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகிய ஐந்தும். பட்டா எண் அடுத்துதான்.

'வட்டம்' வட்டம் அல்ல

முகவரிச் சொற்களில் ஒரு சிறு எச்சரிக்கை. 'வட்டம்' என்பதை அகராதியைப் பார்த்து 'சர்க்கிள்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. அது 'தாலுகா'. 'குறுவட்டம்' அல்லது 'உள்வட்டம்' என்று வந்தால் அது 'பிர்க்கா'. இந்த இரு சொற்களும் இந்திய ஆங்கிலத்தில் அப்படியே வழங்குகின்றன, அப்படியே எழுதுங்கள்.

'வருவாய் கிராமம்' என்பது தாத்தா சொன்ன ஊர்ப் பெயராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தாத்தா சொன்னது ஒரு சிற்றூரின் பெயராக இருக்கலாம். பல சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு வருவாய் கிராமம். நம் பக்கத்து 'முக்கிம்' போல என்று விளக்கினால் ஈப்போவில் இருப்பவருக்குப் பிடிபடும். ஊர்ப் பெயர் ஒத்துவரவில்லை என்பதற்காக, "இது நம்ம நிலமே இல்லை" என்று தாளைத் தள்ளிவிட வேண்டாம்.

இரண்டு பேரா, நான்கு பேரா?

இப்போது பெயர்களுக்கு வருவோம். 'கருப்பண்ணன் மகன் பெரியசாமி' என்ற வரியில் உரிமையாளர் யார்? பெரியசாமி மட்டும்தான். தந்தை பெயர் முதலில், உறவுச்சொல் நடுவில், பட்டாதாரர் பெயர் கடைசியில் வரும். இரண்டாம் வரியில் செல்லம்மாள்தான் பட்டாதாரர். மாரிமுத்து அவருடைய கணவர் பெயர்.

நம் அடையாள அட்டையில் வரிசை நேர்மாறாக இருக்கும். 'பெரியசாமி ஏ/எல் கருப்பண்ணன்' என்று ஆள் பெயர் முன்னால், தகப்பன் பெயர் பின்னால். ஆங்கிலத்தில் 'சன் ஆஃப்' என்று எழுதுவதும் இதே வரிசைதான். அதனால் பட்டாவில் உள்ள வரிசையை அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிட்டால், கருப்பண்ணன் பெரியசாமியின் மகன் ஆகிவிடுவார். சிலர் நான்கு பெயரையும் தனித்தனியாக எழுதி நான்கு உரிமையாளர் என்று அனுப்பிவிடுகிறார்கள். இறந்தவருக்கு உரிமை வந்துவிடும், உறவுமுறை தலைகீழாகிவிடும். வாரிசுச் சான்று வாங்கும் நாளில் இந்த ஒரு வரிப் பிழை பெரிய தொல்லை கொடுக்கும்.

இன்னொன்று: இரண்டு பெயர் இருப்பதால் இது கூட்டுப் பட்டா. ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று இதில் எழுதியிருக்காது. நீங்களும் 'சரி பாதி' என்று சேர்க்கக் கூடாது. பங்கைச் சொல்வது பத்திரமும் வாரிசுரிமைச் சட்டமும்தான்.

உட்பிரிவு: நிலத்தின் குடும்ப மரம்

இந்தப் பாடத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. '145/2B1' என்பதை ஒரு சாதாரண எண்ணாகப் பார்க்காதீர்கள். அது ஒரு நிலத்தின் வம்சாவளி.

அளவைத் துறையினர் ஒரு கிராமத்தைப் புலங்களாகப் பிரித்து, மூலைகளில் கல் நட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அதுதான் புல எண். ஆங்கிலத்தில் 'சர்வே நம்பர்'. சில மாவட்டப் பத்திரங்களில் 'எஸ்.எஃப். நம்பர்' என்றும் இருக்கும், அதுவும் இதுவே. பிறகு அந்தப் புலம் பலர் கைக்குப் பிரியும்போது, பிரிவுக்குப் பிரிவு எண் சேர்ந்தது. முதல் பிரிவுக்கு இலக்கம், அடுத்ததற்கு எழுத்து, அதற்கடுத்ததற்கு மறுபடி இலக்கம்.

ஆகவே நம் எண்ணை இப்படிப் படிக்கலாம். புலம் 145 முதலில் 145/1, 145/2 எனப் பிரிந்தது. பிறகு 145/2 என்ற துண்டு 2A, 2B எனப் பிரிந்தது. அதற்கும் பிறகு 2B என்ற துண்டு 2B1, 2B2 எனப் பிரிந்தது. நம் கையில் இருப்பது மூன்றாம் தலைமுறைத் துண்டு.

இப்போது பாருங்க, கேள்வி தானாகவே எழுகிறது. 2B1 இங்கே இருக்கிறது. அதன் உடன்பிறப்பு 2B2 எங்கே? யார் பெயரில்? நல்லுசாமியும் கருப்பண்ணனும் பிரித்துக்கொண்ட பாகங்கள்தான் இவையா? அல்லது ஒரு பகுதியை விற்றதால் வந்த பிரிவா? அல்லது சாலைக்கோ வாய்க்காலுக்கோ அரசு எடுத்த பகுதியா? மூன்றுமே நடக்கக் கூடியவை. உட்பிரிவு எண் பிரிந்தது என்ற செய்தியைச் சொல்லும். ஏன் பிரிந்தது என்று சொல்லாது. அது துப்பு, தீர்ப்பு அல்ல.

படத்தில் அந்த 'B' மங்கலாக இருந்தால் எண் எட்டாகத் தெரியும். 2B1 என்பது 281 ஆகிவிடும். யாரோ ஒருவர் '145/281' என்று எழுதி அனுப்புவார். அப்படி ஒரு நிலமே பதிவேட்டில் இருக்காது. "நிலத்தைக் காணோம்" என்று குடும்பத்தில் சண்டை தொடங்கும். உட்பிரிவில் இரண்டு இலக்கத்துக்கு மேல் சேர்ந்து வந்தால் முதலில் நடுவில் உள்ளதைச் சந்தேகியுங்கள். இலக்கம், எழுத்து, இலக்கம் என்ற ஒழுங்கை நினைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். வேறு படம் கேளுங்கள்.

'உட்பிரிவு' என்பதை ஆங்கிலத்தில் 'சப்டிவிஷன்' என்று எழுதுவது சரிதான். ஆனால் பேராக்கில் அந்தச் சொல்லுக்கு வேறு இரண்டு நினைவுகள் உண்டு. நில அலுவலகத்தில் ஒரே உரிமையாளரின் நிலத்தைப் பிரிப்பது 'பெச்சா செம்படான்'. கூட்டு உரிமையாளர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வது 'பெச்சா பஹாகியான்'. தமிழ்நாட்டு 'உட்பிரிவு' இரண்டுக்கும் பொதுவாக வரும். எந்த வகை என்று அந்த எண்ணிலிருந்து தெரியாது.

மற்றொரு நினைவு கசப்பானது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். தமிழில் அதைத் 'தோட்டத் துண்டாடல்' என்றோம். உங்கு அஜிஸ் அதை ஆராய்ந்து எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே இந்த 'சப்டிவிஷன்' என்ற சொல் இருக்கிறது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது இந்தத் துண்டாடலுக்கு விடையாகத்தான். ஆகவே தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெரியவர் 'சப்டிவிஷன்' என்று கேட்டதும், "நிலத்தை வித்துட்டாங்களா?" என்று பதறினால் அதில் வியப்பில்லை. ஒரு வரி விளக்கம் எழுதி அவரை அமைதிப்படுத்துங்கள்.

0 - 32.50 எவ்வளவு நிலம்?

பரப்புப் பத்தியின் தலையில் 'ஹெக் - ஏர்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். படம் எடுப்பவர் அதை வெட்டிவிட்டால் வம்புதான். '32.50' என்பதை ஏக்கர் என்று படித்தால் குடும்பமே கனவு காணத் தொடங்கிவிடும்.

கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் நூறு சதுர மீட்டர். ஊரில் வாயால் பேசுவது ஏக்கரும் சென்டும். நூறு சென்ட் ஒரு ஏக்கர். ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட்.

ஆக 32.50-ஐ 2.47-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 80 சென்ட். முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். நன்செய் 10.00 ஏர் என்பது 25 சென்டுக்குச் சற்றே குறைவு. இரண்டும் சேர்ந்து ஒரு ஏக்கரும் ஐந்து சென்டும் வரும்.

இந்தக் கணக்கால் ஒரு சோதனையும் செய்யலாம். வீட்டில் பழைய கிரயப் பத்திரம் ஏதும் இருந்தால், அதில் ஏக்கர், சென்ட் கணக்கில் பரப்பு இருக்கும். அதில் 80 சென்ட் என்று இருந்து, பட்டாவில் 32.50 ஏர் இருந்தால் பொருந்துகிறது. பத்திரத்தில் ஒரு ஏக்கர் 60 சென்ட் என்று இருந்து, பட்டாவில் 32.50 ஏர் மட்டும் இருந்தால் சரி பாதி வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். 2B2-ஐத் தேடுவதற்கு அது இன்னொரு காரணம்.

நன்செய், புன்செய் என்பவை வருவாய்த் துறையின் வகைப்பாடு. நன்செய் அரசு அங்கீகரித்த பாசன நீர் உள்ள நிலம். புன்செய் அது இல்லாதது. ஆங்கிலத்தில் 'வெட்', 'டிரை' என்பதே வழக்கம். அதைப் படித்துவிட்டு நிலம் இன்று சதுப்பாகவோ காய்ந்தோ கிடக்கிறது என்று எண்ண வேண்டாம். புன்செய்யில் கிணறு வெட்டிக் கரும்பு போட்டிருக்கலாம். நன்செய்யில் வீடு எழும்பியிருக்கலாம். தாளின் வகை எளிதில் மாறாது. பக்கத்தில் தீர்வை என்று ஒன்றிரண்டு ரூபாய் போட்டிருக்கும். அது நிலத்தின் விலை அல்ல. ஆண்டு வரிக் கணிப்பு. 'அசெஸ்மென்ட்' என்று எழுதுங்கள். 'வேல்யூ' என்று எழுதாதீர்கள்.

தாத்தா பெயர் ஏன் இல்லை?

குடும்பத்தின் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்ற ஒரு பெரிய வேலை நடந்தது. பழைய பதிவேடுகளில் இறந்தவர்களின் பெயரே தொடர்ந்துகொண்டிருந்தது; நிலத்தில் இருப்பவர் வேறாக இருந்தார். அதிகாரிகள் ஊர் ஊராகப் போய், கைவசத்தில் இருப்பவரை விசாரித்துப் பெயர்களைப் புதுப்பித்தார்கள். இன்று கணினியில் நாம் பார்க்கும் பதிவுகளுக்கு அடித்தளம் பெரும்பாலும் அதுதான்.

அந்த எட்டு ஆண்டுகளில் பேராக் தோட்டங்களில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஊருக்குப் போய் அதிகாரி முன் நின்றிருக்க முடியும்? நிலத்தை உழுதுகொண்டிருந்த அண்ணன் மகன் பெயர் ஏறியிருக்கும். அதில் வஞ்சகம் இருந்தது என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டியதில்லை. வரி கட்டுபவர் யார் என்பதுதானே பட்டா கேட்கும் கேள்வி? அந்தக் கேள்விக்கு அன்று அதுதான் சரியான பதில். ஆனால் 'பெயர் இல்லை' என்பதும் 'பங்கு இல்லை' என்பதும் ஒன்றல்ல. பங்கு உண்டா இல்லையா என்பதைப் பழைய பத்திரங்களும், பாகப்பிரிவினை நடந்ததா என்பதும், இடையில் எத்தனை காலம் கடந்தது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்யும். அது வழக்கறிஞர் வேலை. மொழிபெயர்ப்பாளர் வேலை அந்தக் கதவை மூடிவிடாமல் இருப்பது.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் முழுத் தாளின் படத்தைக் கேளுங்கள். நான்கு ஓரமும் தெரிய வேண்டும். வலக்கோடியில் உள்ள 'குறிப்புரைகள்' பத்தியில், பெயர் மாறியதற்கான உத்தரவு எண்ணும் தேதியும் இருக்கலாம். அந்தத் தேதி அண்மையதாக இருந்தால் யார் விண்ணப்பித்து மாற்றினார்கள் என்று கேட்க வழி உண்டு. படத்தில் முதலில் வெட்டுப்படுவதும் அந்தப் பத்திதான்.

இரண்டாவது, தாளின் அடியில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அதை `eservices.tn.gov.in` தளத்தில் உள்ளிட்டு, தாள் உண்மையானதா என்று பாருங்கள். அதே தளத்தில் 'அ-பதிவேடு' விவரத்தையும் பார்க்கலாம். சிட்டா ஆள்வாரி என்றால் அ-பதிவேடு நிலவாரி. அங்கே புல எண் 145, உட்பிரிவு 2B2 என்று கொடுத்தால் உடன்பிறப்புத் துண்டு யார் பட்டாவில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நம் பேரப்பிள்ளைகளின் கேள்விக்கு இதுதான் அடுத்த படி.

மூன்றாவது, வீட்டுப் பத்திரத்தில் உள்ள எண் பட்டாவோடு ஒத்துப்போகவில்லை என்றால் பதற வேண்டாம். மறு அளவை நடந்த ஊர்களில் எண்கள் மாறியிருக்கும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும்.

கடைசியாக, ஆங்கிலத் தாளில் மூலத்தில் உள்ளதை மட்டும் ஒரு பக்கத்திலும், உங்கள் விளக்கத்தை வேறு பக்கத்திலும் எழுதுங்கள். மங்கிய எழுத்தை 'தெளிவில்லை' என்றே குறியுங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

1. 'சின்னப்பன் மனைவி அஞ்சலை' என்ற வரியில் பட்டாதாரர் யார்? அதை நம் அடையாள அட்டை முறையில் எழுதினால் என்ன சிக்கல் வரும்?

2. புல எண் 88, உட்பிரிவு 1A2. இந்தப் புலம் குறைந்தது எத்தனை முறை பிரிந்திருக்கிறது? இன்றைய பதிவேட்டில் தேட வேண்டிய உடன்பிறப்பு எண் எது?

3. பரப்பு 0 - 40.50. ஏக்கரில் சொல்லுங்கள்.

விடைகள்: அஞ்சலை. கணவர் பெயரைத் தகப்பன் பெயராக 'ஏ/பி' போட்டு எழுதிவிடும் பிழை நேரும். மூன்று முறை, தேட வேண்டியது 1A1. ஏறத்தாழ ஒரு ஏக்கர்.

மூன்றாவது கணக்கை மாணவர்கள் போடும்போது, கெரானும் பட்டாவும் எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டவை என்பதையும் இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். ஒன்று "யாருடையது?" என்ற கேள்விக்கு, மற்றது "யார் வரி கட்டுவது?" என்ற கேள்விக்கு. இரண்டு வரியும் சரியாக வந்துவிட்டால், அடுத்த முறை வீட்டுக்கு ஒரு படம் வரும்போது அந்தப் பிள்ளையே அதைப் பெயர்த்துக் கொடுத்துவிடும்.